ஐந்தில் ஒரு பங்கு வருமானம் குறைந்தால்: நோட்டில் சோதிப்பதா, வாழ்ந்து பார்ப்பதா?

அம்மாப்பேட்டையில் தங்கச்சி வீடு. மாப்பிள்ளைக்குச் சம்பளம் 36,000. தங்கச்சி கொலுசுப் பட்டறையிலிருந்து வேலை வாங்கி வந்து வீட்டிலேயே மணி கோக்கிறாள். வாரம் 3,500, மாதம் 14,000. ஆக மொத்தம் 50,000. வெள்ளி விலை ஏறி, பட்டறையில் ஆர்டர் குறையலாம் என்ற பேச்சு வந்தபோது, 10,000 குறைந்தால் தாங்குமா என்று பார்த்துவிடுவோம் என உட்கார்ந்தோம்.

முதல் வழி, நோட்டில் கணக்குப் போடுவது. எல்லாச் செலவையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து எழுதி, "சரியா வருது அண்ணா" என்றாள். சரியாகத்தான் வரும், கூட்டல் கழித்தல்தானே! ஆனால் பேங்க் உன் தவணையில் 2,700 தள்ளிக் கொடுக்குமா? குறையாத செலவுகளைத் தனியே எழுதச் சொன்னேன். வீட்டுக்கடன் தவணை 13,500, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 5,000, எடுத்துவிட்ட சீட்டுக்கு 5,000, அத்தை மருந்து 2,000, இன்சூரன்ஸ் 2,000, கரண்ட், போன் 2,000. மொத்தம் 29,500. மீதி 20,500-தான் வயிற்றுக்கும் பெட்ரோலுக்கும் மொய்க்கும். 10,000 முழுவதும் இதன் தலையில்தான் விழும். அதாவது ஐந்தில் ஒன்று குறைந்தால் அடுப்படிப் பணம் பாதியாகிறது. பால், கேஸ், பெட்ரோலுக்கு 5,500 போனால் மளிகை, காய்கறி, கறி எல்லாவற்றுக்கும் 5,000-தான்.

நோட்டின் இன்னொரு லாபம், மாற்று யோசனைகளையும் செலவில்லாமல் சோதிக்கலாம். தவணைக் காலத்தை நீட்டலாமே என்றார் மாப்பிள்ளை. நிலுவை 15 லட்சம், வட்டி 9 சதவீதம், பாக்கி 20 வருடம். அதை 25 ஆக்கினால் மாதம் குறைவது 900 ரூபாய்தான். மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவது 5 லட்சத்துக்கும் மேல். அந்த யோசனை அங்கேயே செத்தது. சீட்டு இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது, அதற்குப் பிறகு புதுச் சீட்டில் சேராமலிருந்தால் முழுசாக 5,000 விடுபடும். பாதி ஓட்டை அடைபட்ட மாதிரி.

இரண்டாவது வழி, சம்பளம் வந்த அன்றே 10,000-ஐ ஏடிஎம் கார்டு இல்லாத வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு மீதியில் குடும்பம் நடத்துவது. ஆடி மாதத்தில் செய்தோம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் வரும் மாதம், வேண்டுமென்றேதான் எடுத்தது. செலவில்லாத மாதத்தில் சோதித்தால் யார்தான் பாஸாக மாட்டார்கள்? மாதக் கடைசியில் 10,000 அப்படியே இருந்தது. தங்கச்சிக்குப் பெருமை. மளிகைக் கடை நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பாக்கி 3,800. வண்டி சர்வீஸ் 1,600 தள்ளிப்போட்டது. மொய்க்குப் பையன் உண்டியலில் எடுத்தது 500. ஆக 5,900 கண்ணுக்குத் தெரியாத கடன். உண்மையில் மிச்சம் 4,100-தான். இந்தச் சோதனையில் ஏமாறும் இடம் இதுவே. மாதத் தொடக்கத்திலும் கடைசியிலும் கடைப் பாக்கி, கைமாற்று, தள்ளிப்போட்ட வேலை மூன்றையும் எழுதி வைக்காவிட்டால் தேறியதா தோற்றதா என்றே தெரியாது.

இதிலும் ஒரு குறை. குறையப்போவது மாப்பிள்ளை சம்பளமல்ல, சனிக்கிழமைக் கூலி. அந்த 3,500-தான் வாரக் காய்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி, பால்காரர் பணம். ஒன்றாம் தேதி மொத்தமாக 10,000 ஒதுக்கும்போது மீதியைப் பார்த்துத் திட்டம் போடலாம். சனிக்கிழமை தோறும் 2,500 குறைந்தால் அப்படி முடியாது. கையில் 1,000 வரும், சம்பளத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்.

அதனால் அடுத்த மாதம் மூன்றாவது வழி. சனிக்கிழமை கூலி வந்ததும் 2,500-ஐ ஒரு கவரில் போட்டு அத்தையின் பீரோவில் வைத்தாள். இரண்டாவது வாரமே சிக்கல் தெரிந்தது. மாப்பிள்ளை சம்பளம் பத்தாம் தேதிக்குள் தவணைக்கும் சீட்டுக்கும் பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு வீட்டில் ரொக்கமே இல்லை. தவணை அன்று கணக்கில் பணம் குறைந்தால் அபராதம் வேறு. நோட்டும் சரி, முதல் சோதனையும் சரி, இதைக் காட்டவே இல்லை. காரணம், இரண்டும் மாதத்தைத்தான் பார்த்தன, வாரத்தைப் பார்க்கவில்லை.

வாரக்கூலி வரும் வீட்டுக்குக் கவர்தான் என் ஓட்டு. ஒரே மாதச் சம்பளம் வரும் வீடாக இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றுவதே போதும், கடை நோட்டைக் கூடவே பார்க்க வேண்டும். நோட்டுக் கணக்கை மட்டும் யாரும் விடவேண்டாம், ஒரு மாலைப் பொழுதுதான் ஆகும்.

மூன்றாவது வாரம் கவர் உடைந்தது. அத்தைக்கு மருந்து. நான்கு வாரத்துக்கு 10,000 சேர வேண்டிய இடத்தில் பீரோவில் இருந்தது 6,500. இப்போது மருந்துக்கெனத் தனியாக 2,000 மாதத் தொடக்கத்திலேயே எடுத்து வைக்கிறாள். சீட்டு முடிய இன்னும் ஆறு மாதம்.