வூகாமர்ஸ் கடை அட்மின் கணக்கு: பூட்டு எங்கே போதவில்லை?

வூகாமர்ஸில் சேலைக் கடை நடத்துகிறேன். அட்மின் கணக்குக்கு Bitwarden என்ற கடவுச்சொல் பெட்டகத்தில் கடவுச்சொல், Two Factor ப்ளக்இன்னில் இரண்டாம் கட்ட உள்நுழைவு என்ற ஏற்பாடு சில வருடங்களாக ஓடுகிறது.

கடவுச்சொல்லை Bitwarden-ஏ உருவாக்கியது. 20 எழுத்துக்கு மேல் இருக்கும், எனக்கே மனப்பாடம் கிடையாது. நீளத்தைவிட நான் மதிப்பது வேறொன்றை: சேமித்த முகவரியில் மட்டுமே அது கடவுச்சொல்லை நிரப்பித் தரும். போலிப் பக்கத்தில் பேசாமல் இருந்துவிடும். வழக்கமாகத் தானே நிரம்பும் இடம் காலியாக இருந்தால், நான் முதலில் பார்ப்பது முகவரிப் பட்டையை.

இரண்டாம் கட்டத்தில் கேட்கும் ஆறு இலக்க எண்ணை ஃபோன் செயலியே தருகிறது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். ஃபோன் கடிகாரம் பிசகினால் எண் ஏற்காது, நேரத்தைத் தானியங்கியில் வைத்தால் சரியாகிவிடும். அவசரத்துக்கு ப்ளக்இன் தரும் 10 மீட்புக் குறியீடுகளையும் அச்சிட்டு பில் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். ஆனால் போலிப் பக்கத்தில் இந்த எண்ணைத் தட்டினால், மாறுவதற்குள் திருடன் அதை உண்மையான பக்கத்தில் போட்டுவிட முடியும்.

இந்தப் பூட்டுகளைத் தொடாமலே உள்ளே வரும் வழியும் உண்டு. 2025 ஏப்ரலில் வூகாமர்ஸ் கடைக்காரர்களுக்குப் பரவிய மின்னஞ்சல் அந்த ரகம். உங்கள் கடையில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, பேட்சை இறக்கி நிறுவுங்கள் என்றது. போய்ச் சேரும் பக்கத்தின் பெயர் `woocommėrce.com`. அந்த e-யின் தலையில் ஒரு புள்ளி. ஃபோன் திரையில் தூசி என்றுதான் தோன்றும். அங்கே கடவுச்சொல் தேவையில்லை. கடைக்காரரே ஜிப் கோப்பை இறக்கித் தன் கையால் நிறுவ வேண்டியதுதான். நிறுவியதும் அது புதிய அட்மின் ஒருவரைச் சேர்த்து, ப்ளக்இன் பட்டியலிலிருந்து தன்னையும் பயனர் பட்டியலிலிருந்து அந்த அட்மினையும் மறைத்துவிடும். ஆகவே டாஷ்போர்டில் தேடிப் பயனில்லை, தளத்தின் தரவுத்தளத்தைக் காட்டும் phpMyAdmin-இல் பயனர் அட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும். வழக்கமாக அதன் பெயர் `wp_users`.

உண்மையான பேட்ச் டாஷ்போர்டின் புதுப்பிப்புப் பக்கத்திலேயே வந்துவிடும். மின்னஞ்சலில் ஜிப் வந்தால் நான் திறப்பதே இல்லை, எவ்வளவு பயமுறுத்தினாலும் சரி.

அப்புறம் செய்த மாற்றம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ஆர்டர், ஸ்டாக், விலை எல்லாவற்றையும் Shop manager கணக்கிலிருந்து பார்க்கிறேன். அதற்கு ப்ளக்இன் நிறுவும் அதிகாரமே கிடையாது, அசந்த நேரத்தில் அழுத்தினாலும் நிறுவாது. அட்மினுக்குள் நுழைவது புதுப்பிப்பு நாளில் மட்டும். இரண்டு கணக்குக்கு மாறி மாறி நுழைவது எரிச்சல்தான், பழகிவிட்டது. ஒன்று கவனிக்க: வாடிக்கையாளர் முகவரியும் ஃபோன் எண்ணும் Shop manager-க்கும் தெரியும், அதனால் அதற்கும் இரண்டாம் கட்டத்தைப் போட்டிருக்கிறேன்.