தர்மபுரியில் வருமான வரி கட்டக் கொடுத்து ஏமாந்தேன்: கையில் கிடைத்த சலானில் BSR Code இருக்கிறதா என்று பாருங்கள்

நான் தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பாலக்கோடு பக்கம் எங்கள் அப்பா எனக்கு எழுதி வைத்த மனையை 2024 மார்ச் கடைசி வாரத்தில் விற்றேன். சம்பளத்துக்கான வரியைப் பள்ளியிலேயே பிடித்துவிடுவார்கள். மனை விற்ற லாபத்துக்கான வரி ரூ.72,000-ஐ நானே தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

பேருந்து நிலையம் பக்கம் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் ஜூலை மூன்றாம் வாரம் போனேன். பள்ளியில் பல பேருக்கு அவர்தான் போட்டுக் கொடுக்கிறார். ஏப்ரலிலிருந்து நான்கு மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி ரூ.2,880 சேர்த்து மொத்தம் ரூ.74,880 என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு சரிதான். "உங்க நெட் பேங்கிங்ல இவ்வளவு பெரிய தொகை போகாது டீச்சர், எனக்கு ஜிபே பண்ணிடுங்க, நானே கட்டிடறேன்" என்றார். அனுப்பினேன். மறுநாள் ஒரு பிரிண்ட் கொடுத்தார். மேலே வருமான வரித்துறை சின்னம், நடுவில் என் பெயர், பான் எண், Assessment Year 2024-25, Self-Assessment Tax (300), கீழே ரூ.74,880 எல்லாம் இருந்தன. ரிட்டர்ன் போட்டதற்கான ஒப்புகைச் சீட்டும் கூடவே வந்தது. அதில் பாக்கி பூஜ்ஜியம். இரண்டையும் ஒன்றாகப் பின் அடித்து பீரோவில் வைத்தேன்.

நவம்பரில் என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரிட்டர்னைப் பரிசீலித்த முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பைப் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று. எனக்கு ஒரு மெயிலும் வரவில்லை. அவரைக் கேட்டால், "அது எல்லாருக்கும் வர்றதுதான் டீச்சர், விட்டுடுங்க" என்று முடித்துவிட்டார். நானும் விட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து என் கொழுந்தனார் வந்திருந்தார். வங்கியில் கவுண்டரில் வேலை பார்ப்பவர். பேச்சு வாக்கில் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணி, இது கட்டுன ரசீது இல்ல. கட்டப் போறதுக்கான சீட்டு. இந்தச் சீட்டோட செக் கொண்டாந்து எங்க கவுண்டர்ல கட்டணும், அப்புறம்தான் ரசீது" என்றார்.

அவர் விரல் வைத்த இடத்தில் CRN என்று ஒரு நீளமான எண் இருந்தது. பக்கத்தில் இந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருந்தது. பணம் கட்டி முடித்த ரசீதுக்கு எதற்குக் கடைசித் தேதி? நான்கு மாதம் பீரோவில் இருந்த தாளில் இதை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வருமான வரி இணையதளத்தில் e-Pay Tax பகுதிக்குப் போய் பான், ஆண்டு, தொகை எல்லாம் போட்டு வங்கிக் கவுண்டரில் கட்டுவதாகத் தேர்ந்தெடுத்தால், ஒரு பைசா கட்டாமலேயே CRN எண்ணோடு ஒரு சலான் படிவம் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 15 நாளில் பணம் கட்டாவிட்டால் அது காலாவதி. நெட் பேங்கிங்கில் நிஜமாகவே கட்டினால் வருவது Challan Receipt. அதில் கட்டிய சலானுக்கான அடையாள எண்ணான CIN, வங்கியின் ஏழு இலக்க BSR Code, சலான் எண், பணம் செலுத்திய தேதி, வங்கியின் பரிவர்த்தனை எண் ஆகியவை இருக்கும். இவை பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உருவாகும். என் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் ஒப்புகைச் சீட்டில் பாக்கி பூஜ்ஜியம் என்று எப்படி வந்தது? எனக்கும் இதுதான் புரியாமல் இருந்தது. ரிட்டர்ன் போடும்போது BSR Code, தேதி, சலான் எண், தொகை நான்கையும் கையால் அடிக்க முடியும். அவர் வாய்க்கு வந்த எண்ணை அடித்திருக்கிறார். அடித்தது நிஜமா என்று பெங்களூரில் உள்ள வருமான வரி மையத்தில் ரிட்டர்னைப் பரிசீலிக்கும்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதனால் ஒப்புகைச் சீட்டை வரி கட்டியதற்கான ஆதாரமாக நம்பவே நம்பாதீர்கள்.

அன்றைக்கே ஆதார் ஓடிபி வைத்து பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனோம். புரொஃபைலில் செல்போன் எண் என்னுடையது, மின்னஞ்சல் அவருடையது! அறிவிப்பு நேராக அவருக்குத்தான் போயிருக்கிறது. Payment History பகுதியில் அந்த ஆண்டுக்கு ஒரு பதிவுகூட இல்லை. AIS என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் கட்டிய வரி என்று பள்ளி பிடித்த டிடிஎஸ் மட்டும் இருந்தது. View Filed Returns வழியாக அறிவிப்பை இறக்கினோம். வரி ரூ.72,000, 234பி பிரிவில் எட்டு மாத வட்டி ரூ.5,760, ஆக மொத்தம் ரூ.77,760. முப்பது நாளுக்குள் கட்டாவிட்டால் அதன் மேல் மாதம் ஒரு சதவீதம் வேறு.

இந்த முறை நானே கட்டினேன். என் வங்கியின் செயலியில் வரம்பு ரூ.50,000 என்று இருந்தது. அதை ரூ.1 லட்சமாக மாற்ற ஓடிபி போட்டு ஐந்து நிமிடம் ஆனது, அவ்வளவுதான். அறிவிப்பு வந்த பாக்கியை 300-இல் கட்டக் கூடாது, 400 என்ற தலைப்பில் அந்த டிமாண்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்துத்தான் கட்ட வேண்டும் என்று கொழுந்தனார் சொன்னார். வங்கிப் பக்கத்தில் பணம் போனதும் திரை அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது, ரசீது வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. "மறுபடி கட்டிடாதீங்க அண்ணி, முதல்ல கணக்குல பிடிச்சிருக்கான்னு பாருங்க" என்றார். கணக்கில் கழிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து Payment History-இல் அதே தொகை வந்தது, அங்கிருந்தே Challan Receipt-ஐ இறக்கிக்கொண்டேன். சில நாளில் AIS-இலும் ஏறிவிட்டது. அந்த பிடிஎஃப்-ஐயும், அந்தத் தேதிக்கான வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து எனக்கு நானே மெயில் அனுப்பி வைத்திருக்கிறேன். தாள் தொலைந்தாலும் CIN எண்ணும் பரிவர்த்தனை எண்ணும் கையில் இருக்கும்.

பணம் வாங்கியவரிடம் போய்க் கேட்டபோது முதலில் சர்வர் பிரச்சினை என்றார், பணம் "ஹோல்டில்" இருக்கிறது என்றார். பணம் எடுக்கப்பட்டிருந்தால் வங்கியின் பரிவர்த்தனை எண் இருக்க வேண்டுமே, அதைக் காட்டுங்கள் என்றதும் வாயடைத்துப் போனார். இரண்டு தவணையில் ரூ.30,000 திருப்பிக் கொடுத்தார். மீதி ரூ.44,880-க்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில், "வரி 2024-25" என்று குறிப்பு எழுதி அனுப்பியது இப்போது எனக்கு உதவுகிறது. வாங்கவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பள்ளியில் விஷயத்தைச் சொன்னதும் அவரிடம் கட்டிய இன்னும் மூன்று ஆசிரியைகள் அவரவர் தாளை எடுத்து வந்தார்கள். இரண்டு பேருடையதில் BSR Code இருந்தது, AIS-இலும் பணம் ஏறியிருந்தது, சரி. மூன்றாவது தாளில் CRN மட்டும். அந்த ஆசிரியை பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்.