ட்ரெய்லருக்கென்றே செய்த இசை: தேடும் வழிகளில் எது எதற்கு உதவும்?

படத்தின் பாடல்கள் வந்துவிட்டன, பின்னணி இசைத் தொகுப்பும் வந்துவிட்டது. ஆனால் ட்ரெய்லரில் கேட்டு உடல் சிலிர்த்த அந்த இசையை மட்டும் எங்கும் காணவில்லை. ட்ரெய்லரைத் தொகுக்கும் நாளில் பெரும்பாலும் படத்தின் பின்னணி இசை முடிந்திருக்காது. அதனால் இரண்டரை நிமிடத்துக்கு மட்டும் தனியாக இசை செய்து வாங்குகிறார்கள். அது பாடல் அல்ல; விளம்பரச் செலவில் ஒரு வரி. அதற்குப் பெயர் வைத்து வெளியிடுவது அரிது.

உலகறிந்த எடுத்துக்காட்டு 2002-இல் வந்த 'தி டூ டவர்ஸ்' படத்தின் ட்ரெய்லர். அதில் ஒலித்தது, 2000-இல் வெளியான 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' படத்துக்கு கிளின்ட் மான்செல் அமைத்த 'லக்ஸ் எடெர்னா' என்ற மெட்டு. ஆனால் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் சேர்த்து அந்த ட்ரெய்லருக்காகவே புதிதாக அமைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மான்செலின் தொகுப்பை வாங்கியவர்களுக்கு மெட்டு கிடைத்தது, தேடிய ஒலி கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் 'ரெக்வியம் ஃபார் எ டவர்' என்ற பெயரில் அது வெளியானது. மெட்டு யாருடையது, இந்தப் பதிவு யாருடையது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். கையில் இருக்கும் வழிகளை இந்தக் கோட்டில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கடலூரில் எங்கள் நண்பர் வட்டம் தேடியது ஐந்து மொழிகளில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் ட்ரெய்லர் இசை. கனத்த முரசு, மேலே பாடகர் குழு, கடைசியில் பித்தளைக் கருவிகள்.

எல்லோரும் முதலில் எடுப்பது, ஒலியைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷஸாம் செயலி. அது மெட்டைப் பார்ப்பதில்லை. ஒலியில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்ற புள்ளிகளை எடுத்து, தன் கிடங்கில் உள்ள பதிவுகளின் புள்ளிகளோடு பொருத்துகிறது. அதே பதிவு கிடங்கில் இருந்தால் சத்தமான இடத்திலும் கண்டுபிடிக்கும். வெளியாகாத பதிவு என்றால் பொருத்த எதுவும் இல்லை. எங்களுக்கு அது வெறுங்கையை விரிக்கவில்லை, ஒரு பெயரைக் காட்டியது. அதுதான் இந்த வழியின் ஆபத்து. ட்ரெய்லர் புகழ்பெற்றதும் ரசிகர்கள் அதை வீட்டுக் கணினியில் மறுபடி வாசித்து, இசைத் தளங்களில் தங்கள் பெயரில் ஏற்றிவிடுகிறார்கள். மறு ஆக்கம் மூலத்துக்கு மிக நெருங்கியிருந்தாலோ, மூலத்திலிருந்து வெட்டிய துண்டு அதில் கலந்திருந்தாலோ ஷஸாம் அதையே காட்டும். வெளியீட்டுத் தேதி ட்ரெய்லருக்குப் பிந்தியதாக இருந்து, பெயர் படக்குழுவோடு தொடர்பில்லாததாக இருந்தால் அதை விடையாக எடுக்கக் கூடாது.

முணுமுணுத்துத் தேடும் வசதி நேர் எதிர். கூகுள் 2020-இல் கொண்டுவந்த அது பதிவைப் பொருட்படுத்தாமல் மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பொருத்துகிறது. ட்ரெய்லர் வந்த புதிதில் எங்களுக்கு அது ஒன்றும் தரவில்லை. படப் பாடல்கள் வெளியான பிறகு அதே நான்கு சுரங்களை முணுமுணுத்தபோது, படத்தின் தாலாட்டுப் பாடலைக் காட்டியது. தாலாட்டின் பல்லவியை வேகம் பாதியாகக் குறைத்து, சொற்களை எடுத்துவிட்டுப் பாடகர் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் ஒரு அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். "இதில் யாரும் மூச்சு வாங்கவே இல்லை, தம்பி. உயிரோடு பாடுகிறவர்கள் இவ்வளவு நீளம் இழுத்தால் எங்காவது ஒரு குரல் விட்டுப் பிடிக்கும்" என்றார். பதிவு செய்து வைத்த குரல் மாதிரிகளை விசைப்பலகையில் வாசித்தது என்பது அவர் கணிப்பு. அப்படியானால் பாடகர்கள் பெயரைத் தேடி அலைவது வீண்.

மெட்டுக்கு விடை கிடைத்துவிட்டது. இனி பதிவு. என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும் வழி, நம் ஊர்ப் படங்களுக்கே வாய்த்தது: மொழிகளை அடுக்கிப் பார்ப்பது. ஐந்து மொழி ட்ரெய்லர்களுக்கும் அடியில் ஓடும் இசை பெரும்பாலும் ஒன்றே. மேலே வைத்த வசனம் மட்டும் வேறு. தமிழில் வசனம் நீண்டு இசையை மூடும் இடத்தில் தெலுங்கில் அது அரை நொடி முன்னதாக முடிந்திருக்கும். லாஸ்பேட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் நண்பர் ஐந்தையும் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். முதல் முரசடியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அதன் நுனியை ஐந்திலும் ஒரே கோட்டில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு இடத்திலும் எந்த மொழி பேசாமல் இருக்கிறதோ அந்தத் துண்டை எடுத்து ஒட்டினார். ஒட்டும் இடங்களில் சில மில்லிநொடி ஒன்றன்மேல் ஒன்று கரைய விட்டால்தான் 'டிக்' என்ற ஓசை வராது. எல்லா மொழியிலும் ஒரே நேரத்தில் நாயகன் பேசும் பஞ்ச் வசனத்தின் அடியில் உள்ள இசை மட்டும் எதிலும் கிடைக்கவில்லை.

இந்த அடுக்கு ஒரு சோதனையாகவும் உதவுகிறது. ஒரு மொழியின் தடத்தை Invert கட்டளையால் தலைகீழாக்கி, ஒலி அளவைச் சமமாக்கி, மற்றொன்றோடு சேர்த்து ஒலிக்கவிட்டால், பொதுவான இசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வசனமும், ஒலியைச் சுருக்கியதால் வரும் மெல்லிய இரைச்சலும் மட்டும் மிஞ்சும். ஷஸாம் காட்டிய பதிவை இதே போல் வைத்துப் பார்த்தோம். முரசு கொஞ்சமும் குறையவில்லை, இரட்டிப்பாகக் கேட்டது. மறு ஆக்கம் என்பது அதில் உறுதியானது.

ஒரே மொழியில் மட்டும் ட்ரெய்லர் இருந்தால், வசனம் இரு பக்கமும் சமமாக, நடுவில் இருக்கிறது என்பதைப் பயன்படுத்தி இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழிக்கலாம். ffmpeg என்ற மென்பொருளில் அதற்கான கட்டளை:

```
ffmpeg -i trailer.mp4 -af "pan=mono|c0=0.5*FL-0.5*FR" isai.wav
```

வசனம் வெகுவாகக் குறையும். ஆனால் முரசின் அடியும் கீழ்ச்சுரங்களும் நடுவில்தான் இருப்பதால் அவையும் போய்விடும். மிஞ்சுவது இரு பக்கமும் பரவிய வயலின்களும் எதிரொலியும் மட்டுமே. மெட்டைச் சரிபார்க்கப் போதும், கேட்டு மகிழப் போதாது. ஐந்து மொழி அடுக்கோடு இதை ஒப்பிடவே முடியாது.

செய்தவர் பெயரை இவற்றில் எதுவும் சொல்லாது. படத்தின் இசையமைப்பாளர் பெயர்தான் ட்ரெய்லரின் கடைசியில் வரும். செய்தது அவரா, அவருடைய உதவியாளரா, வெளியிலிருந்து வாங்கியதா என்பது அங்கே தெரியாது. ஆங்கிலப் படங்களில் நிலைமை கொஞ்சம் மேல். 'இன்செப்ஷன்' மூன்றாவது ட்ரெய்லரின் 'மைண்ட் ஹைஸ்ட்' என்ற இசை, அந்தப் படத்தின் இசையமைப்பாளருடையது அல்ல, ஸாக் ஹெம்ஸி செய்தது. அவர் அதைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். ஹெம்ஸி போல வெளியிடும் உரிமை கையில் இருப்பவர்கள் இங்கே குறைவு.

ஆகவே கடைசி வழி நேரே கேட்பது. இசையமைப்பாளரைவிட ட்ரெய்லரைத் தொகுத்தவரிடம் கேட்பதே பலன் தருகிறது. இசைக் கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும், அவருக்கு வரும் கடிதங்களும் குறைவு. கோப்பை அனுப்புங்கள் என்று எழுதினால் பதில் வராது. உரிமை தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருப்பதால் அவரால் அனுப்பவும் முடியாது. நாங்கள் எழுதியது இரண்டு வரி: "1:12-இல் தொடங்கும் பாடகர் குழுப் பகுதி படத்தின் தாலாட்டு மெட்டு என்று கண்டோம். ட்ரெய்லருக்காக அதை அமைத்தவர் பெயரைத் தெரிவிக்க முடியுமா?" பதிலில் ஒரு பெயர் வந்தது. இசையமைப்பாளரிடம் கருவியிசை அமைக்கும் உதவியாளர் அவர். முழு வடிவம் ட்ரெய்லரின் நீளத்துக்கு மேல் ஒரு நொடிகூடக் கிடையாது, அதற்கு மேல் செய்யவே இல்லை என்றும் தொகுத்தவர் எழுதியிருந்தார்.