ஏபிள், இபிள், நெஸ், லெஸ்: எதை முதலில் கற்பிப்பது?

கிளிநொச்சிக்கு அருகே ஒரு சனசமூக நிலையத்தில் மாலை வேளைகளில் சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். பரீட்சைக்கு முன் எஞ்சியிருக்கும் வகுப்புகளில் நான்கு பின்னொட்டுகளையும் ஒரே ஆழத்தில் நடத்த நேரம் இருப்பதில்லை. ஒன்றை ஊன்றி நடத்தவேண்டும், மற்றவற்றைத் தொட்டுச் செல்லவேண்டும். முன்பு இபிளில் முடியும் சொற்களின் பட்டியலில் தொடங்கினேன். இப்போது ஏபிளில் தொடங்குகிறேன். திரும்பவும் பட்டியலுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை.

நெஸ்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயரடையின் பின்னால் வந்து அதைப் பெயர்ச்சொல்லாக்கும். டார்க் என்றால் இருண்ட, டார்க்நெஸ் என்றால் இருட்டு. தமிழில் வெண்மை, இனிமை என்று நாம் ‘மை’ சேர்ப்பது போலத்தான். ஹேப்பி போன்ற சொற்களில் இறுதி வை, ஐ ஆகிவிடும். தின் போல என்னில் முடியும் சொல்லில் இரண்டு என் வரும். இந்த இரண்டையும் சொன்னால் ஒரு வகுப்பில் பாடம் முடிந்துவிடும்.

லெஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது. ‘குறைவு’ என்னும் பொருள் தரும் லெஸ் என்ற தனிச்சொல்லைப் பிள்ளைகள் முன்பே அறிந்திருக்கிறார்கள். அதனால் ‘சுகர்லெஸ்’ என்றால் சீனி குறைந்த தேநீர் என்று எழுதுவார்கள். பின்னொட்டாக வரும் லெஸ், பழைய ஆங்கிலத்தில் ‘அற்ற’ என்ற பொருளில் இருந்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஆகவே அது சீனியே இல்லாத தேநீர். பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து அதைப் பெயரடையாக்கும்: ஹோம், ஹோம்லெஸ். அதன்மேல் நெஸ்ஸைச் சேர்த்தால் ஹோம்லெஸ்நெஸ், வீடற்ற நிலை. கவுன்ட்லெஸ், டயர்லெஸ் போன்ற சில சொற்கள் வினையின் பொருளோடு நிற்பவை. அவற்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

லெஸ் எங்கே பொருந்தாது என்பதை ஒரு மாணவியின் வாக்கியம்தான் எனக்குத் தெளிவாகக் காட்டியது. பூநகரிப் பக்கத்திலிருந்து வருபவள். உவர்த் தண்ணீர் அவளுக்குப் பழகிய விடயம். “குடிக்க முடியாத தண்ணீர்” என்பதை ‘டிரிங்க்லெஸ் வாட்டர்’ என்று எழுதியிருந்தாள். “முடியாத என்றால் இல்லாததுதானே, ரீச்சர்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கரும்பலகையில் அந்தச் சொல்லைப் பிரித்தோம். லெஸ் சேர்ந்தால் டிரிங்க் அங்கே ‘பானம்’ என்னும் பெயராகிவிடும்; சொல் ‘பானமற்ற தண்ணீர்’ என்று நிற்கும். நமக்கு வேண்டியது குடித்தல் என்னும் வினை. வினையோடு சேரக்கூடியது ஏபிள். முதலில் டிரிங்கபிள், குடிக்கத்தக்க. பிறகு முன்னால் அன் சேர்த்தால் அன்டிரிங்கபிள். ‘அன்டிரிங்க்’ என்றொரு வினை ஆங்கிலத்தில் இல்லை என்பதால் இந்த வரிசை மாறாது. அவள் அந்தச் சொல்லைத் தன் குறிப்பேட்டில் மூன்று துண்டுகளாக எழுதிக் கோடிட்டாள்.

ஏபிளில் இன்னொரு சிக்கல் நம் மொழியிலிருந்தே வருகிறது. தமிழில் ‘கூடிய’ இரண்டு பக்கமும் பார்க்கும். “படிக்கக்கூடிய புத்தகம்” என்கிறோம், “படிக்கக்கூடிய பிள்ளை” என்றும் சொல்கிறோம். முதலாவதில் புத்தகம் படிக்கப்படுகிறது, இரண்டாவதில் பிள்ளை படிக்கிறது. வினையோடு சேரும் ஏபிள் பொதுவாக ஒரு பக்கம்தான் பார்க்கும்: செயலுக்கு உட்படும் பொருளை. ஆகவே ரீடபிள் புத்தகத்துக்குப் பொருந்தும், பிள்ளைக்குப் பொருந்தாது. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சோதனை, தமிழில் ‘படு’ சேர்த்துப் பார்ப்பது. “படிக்கப்படக்கூடிய” என்று சொல்லிப் பொருள் வந்தால் ஏபிள் எழுதலாம். “படிக்கப்படக்கூடிய பிள்ளை” என்று வாய்விட்டுச் சொன்னதுமே பிழை எங்கே என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. கம்ஃபர்டபிள், ஃபேஷனபிள் போலப் பெயரோடு சேர்ந்த சொற்களுக்கு இந்தச் சோதனை உதவாது.

இபிளும் இதே வேலையைத்தான் செய்கிறது. விசிபிள் என்றால் காணத்தக்க, எடிபிள் என்றால் உண்ணத்தக்க. உச்சரிப்பிலும் இரண்டுக்கும் வேறுபாடு கேட்காது. அந்த உயிரொலி அழுத்தமின்றித் தேய்ந்துபோகிறது. ஏ எழுதுவதா ஐ எழுதுவதா என்பதற்குக் காது துணைவராது. எழுத்துக்கூட்டலை நினைவில் வைத்திருக்கும் சுமைதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு முடிவைத் தந்தது.

இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. அங்கே வினையின் வகையைப் பொறுத்து ஏ அல்லது ஐ வந்தது. ஆங்கிலத்துக்குள் வந்தபின் ஏபிள் மட்டும் உயிரோடு வளர்ந்து, டிரிங்க், வாஷ் போன்ற உள்நாட்டு வினைகளோடும் சேரத் தொடங்கியது. இபிள் நின்றுவிட்டது. இன்று புதிதாக ஒரு வினை பிறந்தால் அதற்குச் சேர்வது ஏபிள்தான். ஏபிளைக் கற்ற பிள்ளை தனக்குத் தெரிந்த பல வினைகளிலிருந்து தானே சொல் ஆக்குகிறது. இபிளில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனனம் செய்யவேண்டும், மறந்தால் மறுபடியும் மனனம் செய்யவேண்டும். பட்டியலில் தொடங்கிய காலத்தில் என் பிள்ளைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது ஒரே கேள்வி: பின்னொட்டைக் கழற்றினால் முழுச்சொல் மிஞ்சுகிறதா? ரீடபிளில் ரீட் மிஞ்சுகிறது, பிரெடிக்டபிளில் பிரெடிக்ட் மிஞ்சுகிறது, ஏ எழுதலாம். விசிபிளில் மிஞ்சும் ‘விஸ்’ ஆங்கிலச் சொல் அல்ல, ஐ எழுதலாம். இந்தக் கேள்விக்குப் பணியாத சொற்களும் உண்டு. டைஜெஸ்டிபிள், ஃப்ளெக்சிபிள், அக்சஸிபிள், ரிவர்சிபிள் ஆகியவற்றில் முழுச்சொல் மிஞ்சினாலும் ஐதான். ஹாஸ்பிட்டபிள், ப்ராபபிள் ஆகியவற்றில் மிஞ்சாவிட்டாலும் ஏதான். இவற்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கலெக்டபிளுக்கு இரண்டு எழுத்தும் ஏற்கப்படுகின்றன.

இன்னொரு உதவி, பின்னொட்டுக்கு முன்னால் வரும் ஒலி. நேவிகபிள், அப்ளிக்கபிள் போல அங்கே ‘க’ ஒலித்தால் தயங்காமல் ஏ எழுதலாம். ஐ வந்தால் அந்த மெய் ‘ச’ அல்லது ‘ஜ’ என்று மென்மையாகிவிடும் என்பதே காரணம். சேஞ்சபிள், நோட்டிசபிள் ஆகியவற்றில் ஈ எழுத்தை விடாமல் வைத்திருப்பதும் அந்த மென்மையைக் காக்கத்தான். ஈயை விட்டுவிட்டு எழுதுவதுதான் விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் பிழை.

இபிளுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். மாரிமழைக்குப் பின் புற்றடியில் முளைக்கும் காளானைப் பார்த்துக் கேட்கவேண்டிய சொல் எடிபிள்: உண்டால் உடலுக்குத் தீங்கில்லையா? கொஞ்சம் குழைந்துபோன சோற்றைச் சொல்ல ஏற்றது ஈட்டபிள்: சாப்பிடலாம், பரவாயில்லை. லெஜிபிள் கையெழுத்தின் தெளிவைச் சொல்லும்; ரீடபிள் பெரும்பாலும் எழுத்தின் ஓட்டத்தைச் சொல்லும். இப்படி இணையாக வைத்து நடத்தும்போது இபிள் சொற்கள் பிள்ளைகளின் மனதில் நிற்கின்றன. ஆனால் அவை ஏபிள் ஊன்றிய பிறகு வரவேண்டியவை.

நான் சொல்வது பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு பெற்ற அனுபவம். சிறிய வகுப்புகளில் ‘படு’ சோதனையை நான் செய்து பார்த்ததில்லை. அங்கே லெஸ்ஸும் நெஸ்ஸும் முதலில் வருவது பொருந்தக்கூடும். எங்கள் நிலையத்தில் இந்தத் தவணையும் கரும்பலகையின் இடது மூலையில் முதலில் எழுதியிருப்பது டிரிங்கபிள்தான்.