ஓட்டை எப்படி எண்ணுவது? இணைப்பு எண்ணிக்கை, ஹிட்ஸ், பேஜ்ரேங்க்

எந்த வலைப்பக்கம் முக்கியமானது என்று தேடுபொறி முடிவு செய்யும்போது, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அதை ஓட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்பதில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் அந்த ஓட்டை எப்படி எண்ணுவது என்பதில்தான். ஒரே ஓட்டுப்பெட்டியை மூன்று விதமாக எண்ணி, முடிவு எப்படிக் கவிழ்கிறது என்று பார்ப்போம்.

ஆறே பக்கங்கள் உள்ள ஒரு குட்டி வலையை வைத்துக்கொள்ளுங்கள். க என்பது ஒரு கல்லூரித் துறையின் பக்கம், ச அதன் நூலகப் பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று இணைப்பு கொடுத்திருக்கின்றன. ட ஒரு கடை. த, ப, ம மூன்றும் கடைக்காரரே போன வாரம் திறந்த வெற்று வலைப்பூக்கள். மூன்றும் ட-வை மட்டுமே காட்டுகின்றன. கடை மரியாதைக்கு க-வுக்கு ஓர் இணைப்பு வைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

முதல் வழி, வெறுமனே எண்ணுவது. ட-வுக்கு 3, க-வுக்கு 2, ச-வுக்கு 1. கடைதான் முதலிடம். கடைக்காரர் ஒரு மாலையில் திறந்த மூன்று வலைப்பூக்களுக்குக் கல்லூரியே தோற்றுவிட்டது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

அடுத்தது ஹிட்ஸ். 1998-இல் ஜான் கிளைன்பெர்க் முன்வைத்தது. அவர் பிடித்துக்கொண்ட சிக்கல் நல்ல சிக்கல். கார் தயாரிப்பாளர்களைத் தேடினால் ஹோண்டா, டொயோட்டா வரவேண்டும். ஆனால் அவர்களின் முகப்புப் பக்கத்தில் ‘கார் தயாரிப்பாளர்’ என்ற சொல்லே இல்லாமல் போகலாம். போட்டி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று இணைப்பும் கொடுக்கப் போவதில்லை. அவர்களை ஒன்றாகக் காட்டுவது யார்? ‘நான் சேர்த்துவைத்த கார்ப் பக்கங்கள்’ என்று யாரோ ஓர் ஆர்வலர் போட்டுவைத்த பட்டியல்தான். அதனால் அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மதிப்பெண் தந்தார். ஒன்று கைகாட்டி மதிப்பு (ஹப்), மற்றது சரக்கு மதிப்பு (அத்தாரிட்டி). நல்ல சரக்கைக் காட்டுவது நல்ல கைகாட்டி. நல்ல கைகாட்டிகள் காட்டுவது நல்ல சரக்கு. ஒன்றை வைத்து மற்றதைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டால் எண்கள் ஓரிடத்தில் நிலைக்கும்.

இதை முழு வலையிலும் ஓட்டுவதில்லை. தேடலில் வந்த சுமார் 200 பக்கங்களை எடுத்து, அவை காட்டும் பக்கங்களையும் அவற்றைக் காட்டும் பக்கங்களையும் சேர்த்து, சில ஆயிரம் பக்கங்களுக்குள் கணக்கு முடிகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாகப் போடவேண்டிய கணக்கு இது.

நம் குட்டி வலையில் போட்டுப் பார்ப்போம். எல்லாருக்கும் கைகாட்டி மதிப்பு 1 என்று தொடங்கினால் சரக்கு மதிப்பு ட 3, க 2, ச 1. ட-வைக் காட்டும் மூன்று வலைப்பூக்களின் கைகாட்டி மதிப்பு இப்போது 3 ஆகிறது. அடுத்த சுற்றில் ட 9, க 4, ச 1. அதற்கடுத்து 27, 8, 1. சுற்றுகள் போகப் போக ட எல்லாவற்றையும் விழுங்கி, மற்றவை விகிதத்தில் பூஜ்யத்தை நோக்கிப் போகின்றன. எண்ணிக்கையில் வெறும் முன்னிலையாக இருந்தது இங்கே ஏகபோகம் ஆகிவிட்டது. நெருக்கமாகப் பின்னிய ஒரு சிறு கூட்டம் மொத்த முடிவையும் தன் பக்கம் இழுக்கும் இந்தக் கோளாறு ஹிட்ஸின் பிறவிக்குணம். ‘ஜாகுவார்’ என்று தேடினால் காரா, விலங்கா என்பதை இணைப்பு அடர்த்தி முடிவு செய்துவிடும் ஆபத்தும் இதிலிருந்தே வருகிறது.

ஹிட்ஸில் இன்னொரு பலவீனமும் உண்டு. நல்ல கைகாட்டி ஆக என்ன வேண்டும்? பேர்பெற்ற பக்கங்களுக்கு நிறைய இணைப்பு போட்டால் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு நல்ல பட்டியலை அப்படியே நகலெடுத்து, நடுவில் நம் கடையை நைசாகச் செருகிவிடலாம்.

சரி, பேஜ்ரேங்க். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது, அதே 1998-இல் கட்டுரையாக வந்தது. இங்கே இரண்டு விதிகள். ஓட்டுப் போடுபவரின் மதிப்பே ஓட்டின் மதிப்பு. பத்துப் பேருக்கு இணைப்பு கொடுத்தால் அந்த மதிப்பு பத்தாகப் பிரியும். ஒருவர் சும்மா இணைப்புகளைச் சொடுக்கிக்கொண்டே போகிறார் என்று கற்பனை செய்யுங்கள். 85 சதவீதம் நேரம் இருக்கும் பக்கத்திலிருந்து ஓர் இணைப்பைப் பிடித்துப் போவார், 15 சதவீதம் நேரம் சலித்துப்போய் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுவார். அவர் எங்கே அதிகம் இருப்பாரோ அதுவே முக்கியமான பக்கம். கணக்கு முழு வலைக்கும் முன்கூட்டியே போடப்படுகிறது, தேடுபவர் காத்திருக்க வேண்டாம். 32.2 கோடி இணைப்புகள் உள்ள வலையில் சுமார் 52 சுற்றுகளில் எண்கள் நிலைத்தன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சராசரி மதிப்பு 1 வரும்படி எழுதினால், ஒரு பக்கத்தின் மதிப்பு = 0.15 + 0.85 × (உள்ளே வரும் பங்குகளின் கூட்டல்). வலைப்பூக்களை யாரும் காட்டவில்லை, ஆகவே ஆளுக்கு 0.15. கடைக்கு 0.15 + 0.85 × 0.45 = 0.53. க-வுக்கும் ச-வுக்கும் சமன்பாட்டைத் தீர்த்தால் 2.63, 2.39. ஒரே ஓர் ஓட்டு வாங்கிய ச, மூன்று ஓட்டு வாங்கிய கடையைப்போல நான்கு மடங்குக்கு மேல்! நம்பிக்கை இல்லையென்றால் ஓட்டிப் பாருங்கள் (`pagerank` தரும் எண்களின் கூட்டல் 1, எனவே 6-ஆல் பெருக்குங்கள்):

```python
import networkx as nx
G = nx.DiGraph()
G.add_edges_from("தட பட மட டக கச சக".split())
print(nx.pagerank(G, alpha=0.85))
print(nx.hits(G)[1])
```

இங்கேயே கட்டுரையை முடித்து பேஜ்ரேங்குக்கு மாலை போடுவதுதான் வழக்கம். ஆனால் கடைக்காரர் தூங்கவில்லை. க-வுக்குக் கொடுத்த இணைப்பை எடுத்துவிட்டு, தன் மூன்று வலைப்பூக்களுக்கே திருப்பி இணைப்பு கொடுக்கிறார். இப்போது கடை 1.92, கல்லூரிப் பக்கங்கள் இரண்டும் ஆளுக்கு 1. கவிழ்ந்துவிட்டது!

என்ன நடந்தது? அந்த 0.15 எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஓட்டு. புதிதாக ஒரு பக்கம் திறந்தாலே அது அச்சாகிறது. உள்ளேயே சுற்றவிட்டால் 1 ÷ (1 − 0.85 × 0.85), அதாவது சுமார் 3.6 மடங்காகப் பெருகுகிறது. 30 வலைப்பூ வைத்தால் கடை 14-ஐத் தாண்டும். ஒரு பக்கத்தை உயர்த்துவதற்கென்றே திறக்கப்படும் இப்படிப்பட்ட பக்கக் கூட்டங்கள், அதாவது இணைப்புப் பண்ணைகள், பிழைத்தது இந்தச் சில்லறையில்தான். அடையாளமும் அதிலேயே இருக்கிறது. மதிப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு சின்னஞ்சிறு பக்கங்களிலிருந்து வருகிறது, வெளியே எதுவும் போவதில்லை என்றால் சந்தேகப்படலாம்.

2004-இல் வந்த டிரஸ்ட்ரேங்க் என்ற முறை அந்த இலவச ஓட்டில்தான் கைவைத்தது. சலித்துப்போனவர் கண்ட பக்கத்துக்குத் தாவக்கூடாது, மனிதர்கள் பார்த்துத் தேர்ந்த நம்பகமான பக்கங்களுக்கு மட்டுமே தாவ வேண்டும். நம் வலையில் அது க மட்டும் என்று வைத்தால் க 3.24, ச 2.76, கடையும் வலைப்பூக்களும் சுத்தமாக பூஜ்யம்.

எனக்கு விருப்பம் கேட்டால், ஏமாற்ற ஆளில்லாத சிறு தொகுப்புகளுக்கு, அதாவது தீர்ப்புகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் இடம், ஆய்வுக் கட்டுரைகள் போன்றவற்றுக்கு, ஹிட்ஸையே எடுப்பேன். நல்ல தொகுப்புரை எது, மூல ஆவணம் எது என்று தனித்தனியாகச் சொல்ல மற்ற இரண்டுக்கும் தெரியாது. திறந்த வலைக்கு பேஜ்ரேங்க், அதுவும் தாவும் இடத்தைக் கட்டிப்போட்ட பிறகு. அப்போதும் தாவுவதற்கான அந்த நம்பகமான பக்கங்களைத் தேர்வது யார் என்ற கேள்வி நிற்கும். அந்தப் பட்டியலிலிருந்து இணைப்பு வழியே போய்ச் சேர முடியாத நேர்மையான புதுத் தளத்துக்கும், கடைக்காரரின் வலைப்பூவுக்கும், கணக்கில் கிடைப்பது ஒரே பூஜ்யம்.