விரிவுரைக் காணொளியா, கிளைக் காணொளியா: நகை அடகுக் கருமபீடத்துக்கு எது பொருந்தும்?

வாடிக்கையாளர் தரவைப் பாதுகாப்பது பற்றிய பயிற்சிக் காணொளிகளில் இரண்டு வகை உண்டு. முதலாவது விரிவுரைக் காணொளி: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக விளக்கி, கடைசியில் வினாத்தாள் வைப்பது. மற்றது கிளைக் காணொளி: ஒரு சம்பவத்தைக் காட்டி நடுவில் நிறுத்தி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, விடைக்கேற்பக் கதை கிளை பிரிந்து போவது. யாழ்ப்பாணத்தில் நகை அடகு பிடிக்கும் கிளையொன்றின் கருமபீடத்துக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

காரணம் அங்கே வருகிற தொலைபேசி அழைப்புகள். "தங்கச்சி, நான் கனடாவிலிருந்து கதைக்கிறேன். அக்காவின் சங்கிலியை மீட்கக் காசு அனுப்பினேன். மீட்டுவிட்டாவா என்று மட்டும் சொல்லுங்கள்." குரலில் உரிமை இருக்கிறது, பெயரும் ஊரும் சரியாக இருக்கின்றன. விரிவுரைக் காணொளியின் வினாத்தாள் இந்த இடத்தில் "யார் கேட்டாலும் விபரத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்கும். அதற்குத் தவறாக விடை எழுத ஆளில்லை.

கிளைக் காணொளி மூன்று தெரிவுகளைத் தருகிறது. ஒன்று, கணக்கைப் பார்த்துச் சொல்வது. இரண்டு, "அதை அக்காவிடமே கேளுங்கள் அண்ணா, அவர் இன்னும் வரவில்லை" என்பது. மூன்று, யாருடைய கணக்கைப் பற்றியும் தொலைபேசியில் பேசுவதில்லை என்று சொல்லி, அழைத்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் விசாரித்த அக்கா வாடிக்கையாளராக இருந்தால், கிளையில் பதிவான இலக்கத்தில் அந்த அக்காவுக்கே அறிவிப்பது. இரண்டாவதுதான் பொறி. பணிவாக மறுத்ததுபோலத் தோன்றினாலும், அக்கா அங்கே அடகு வைத்திருக்கிறார், நகை இன்னும் மீளவில்லை என்ற இரண்டு தகவல்களும் போய்விட்டன. அதைத் தெரிவு செய்தவருக்கு அடுத்த காட்சியில் அந்த அக்கா கிளைக்கு வந்து நிற்பதைக் காட்டுகிறார்கள். தம்பி அனுப்பிய காசு பிள்ளையின் மருத்துவச் செலவுக்குப் போயிருக்கிறது. அதை அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பாடத்தை மீண்டும் நினைவூட்டும் விதத்திலும் வேறுபாடு தெரிகிறது. விரிவுரை, ஒரு கோடி ரூபா வரை விதிக்கக்கூடிய தண்டப்பணத்தை இன்னொரு முறை நினைவூட்டி முடிகிறது. கிளைக் காணொளி அதே பிழைக்கு வேறு சட்டை போட்டு வருகிறது. முகாமையாளர் அவசரமாக ஓர் அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்கிறார். 12 இலக்கங்களில் கடைசி நான்கை மறைத்து அனுப்பினால் போதுமா? போதாது. முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் பிறந்த நாளின் வரிசை எண். பெண்ணென்றால் அதில் 500 கூட்டியிருக்கும். மறைத்த பின்னும் பிறந்த தேதியும் பாலினமும் வெளியே நிற்கின்றன. படமோ ஊழியரின் சொந்தக் கைத்தொலைபேசியில் தங்கிவிடுகிறது. கிளையின் முறைமையில் உள்ள கோப்பை முகாமையாளரே திறந்து பார்ப்பதுதான் சரியான வழி.

கிளைக் காணொளிக்கும் குறை உண்டு. காட்டாத சம்பவத்தைப் பற்றி அது வாயே திறக்காது. தரவு கசிந்தால் யாருக்கு அறிவிப்பது, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவற்றுக்கு விரிவுரைதான் வேண்டும். ஆனால் அவை முகாமையாளரின் மேசைக்குரிய கேள்விகள். அவர் அதைப் பார்க்கட்டும். தொலைபேசியை எடுக்கிறவருக்கு மற்றதைப் போடுங்கள்.