ஒரு லிட்டர் பாட்டிலா, இருபது லிட்டர் கேனா: தண்ணீர் கம்பெனியின் லிட்டர் கணக்கு

சென்னைப் புறநகரில் நாங்கள் தண்ணீர் கம்பெனி தொடங்கியபோது, ஒரு லிட்டர் பாட்டில் போடுவதா, இருபது லிட்டர் கேன் போடுவதா என்று வீட்டிலேயே இரண்டு கட்சி இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து மெஷின் வாங்கப் பணம் இல்லை. கடைசியில் கேனைத்தான் எடுத்தோம், இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறோம். அதனால் நான் கேன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் கணக்கை முழுதாக வைக்கிறேன். கீழே உள்ள விலைகள் பேசுவதற்கு வசதியான முழு எண்கள். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் விலையைப் போட்டுத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். மூன்றாவதாகப் பாக்கெட் தண்ணீரைச் சேர்க்கவில்லை. 2019 ஜனவரியில் வந்த பிளாஸ்டிக் தடையோடு தமிழ்நாட்டில் அது முடிந்துபோனது.

முதலில் தண்ணீர். இது இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் சீக்கிரம் முடித்துவிடலாம். போர் தண்ணீர் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்.ஓ., அல்ட்ரா வயலட், ஓசோன் என்று போய் வெளியே வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதில்தான் செலவு இருக்கிறது என்று நினைப்பார்கள். மணிக்கு 2,000 லிட்டர் தரும் ஆர்.ஓ.வுக்குக் கரண்ட், மெம்ப்ரேன், கார்ட்ரிட்ஜ், உப்புப் படியாமல் இருக்க விடும் மருந்து எல்லாம் சேர்த்தாலும் லிட்டருக்குப் பத்து பைசாவைத் தாண்டாது. அதற்கு மேல் பதினைந்து பைசா லேபுக்கும், அதில் உட்கார்ந்து பரிசோதிப்பவர்களின் சம்பளத்துக்கும் போகிறது. கிருமிச் சோதனையும் ரசாயனச் சோதனையும் நடத்தியாக வேண்டும், பாட்டில் போட்டாலும் கேன் போட்டாலும். ஆக லிட்டருக்கு 25 பைசா. போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் மட்டும் இந்தக் கணக்கு உடையும். ஆர்.ஓ.வில் பாதி கழிவாகப் போனால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு லிட்டர் விலை கொடுத்து வாங்குகிறோம்.

இனி பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 20 கிராம் ப்ரீஃபார்ம், அதாவது பாட்டிலாக ஊதப்படும் சின்ன பிளாஸ்டிக் குழாய், என்று வைப்போம். கிலோ 120 ரூபாய் என்றால் ஒன்று 2 ரூபாய் 40 பைசா. அதைச் சூடாக்கி அதிக அழுத்தக் காற்றால் ஊத, கம்ப்ரசர் கரண்டையும் சேர்த்து 30 பைசா. மூடி 25, லேபிள் 15, பன்னிரண்டு பாட்டிலைச் சேர்த்துச் சுற்றும் ஷ்ரிங்க் ஃபிலிம் பங்கு 40, ஆள்கூலி 25, தண்ணீர் 25. கூட்டினால் சரியாக நான்கு ரூபாய். அதில் தண்ணீரின் பங்கு பதினாறில் ஒன்று.

டேமேஜ் பாட்டில்களை இதோடு சேர்க்க வேண்டும். ஊதும்போது போவது ஒரு வகை. ப்ரீஃபார்ம் போதுமான சூடு ஏறாமல் இழுபட்டால் பாட்டிலில் முத்துப்போல வெள்ளை படரும். சூடு கூடிப்போனால் மங்கலாகும். அடிப்பாகத்து நடுப்புள்ளி ஒரு பக்கம் தள்ளிப்போனால் அந்தப் பக்கம் மெலிந்து கசியும். நூற்றுக்கு இரண்டு இப்படிப் போகிறது என்று வைத்தால், ப்ரீஃபார்மும் ஊதிய செலவும் போய், பழைய பிளாஸ்டிக்காக விற்று ஐம்பது பைசா திரும்பும். ஒன்றுக்கு 2 ரூபாய் 20 பைசா நட்டம். நிரப்பிய பிறகு மூடி கோணலாக ஏறியது, சீல் வளையம் அறுந்தது, அளவு குறைந்தது என்று நூற்றுக்கு ஒன்று போனால், ஃபிலிம் தவிர எல்லாம் நட்டம், பிளாஸ்டிக் விற்ற ஐம்பது பைசா போக 3 ரூபாய் 10 பைசா. இரண்டையும் நூறு பாட்டில் மேல் பரப்பினால் லிட்டருக்கு ஏழெட்டு பைசாதான் கூடுகிறது. நான்கு ரூபாய் 4 ரூபாய் 8 பைசா ஆகிறது, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாட்டில் லைனில் டேமேஜைப் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது நாலு பைசா. அதே மாதம் ப்ரீஃபார்ம் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் பாட்டிலுக்கு இருபது பைசா போய்விடும். கிட்டத்தட்டத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மொத்தச் செலவுக்குச் சமம். ப்ரீஃபார்ம் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் விலை கச்சா எண்ணெயோடு சேர்ந்து ஆடுவது. பாட்டில் போடுபவர் எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும் அவருடைய பெரிய செலவு அவர் கையில் இல்லை.

கேனில் அப்படி இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு பாலிகார்பனேட் கேன் 180 ரூபாய், உடைந்தபின் எடைக்குப் போட்டால் இருபது ரூபாய் என்று வைப்போம். அப்போது ஒரு கேன் போனால் நட்டம் 160. இந்த 160 ரூபாயை எத்தனை நடைக்குப் பிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. நடை என்றால் நிரப்பிப் போய்க் காலியாகத் திரும்பி வருவது. ஒவ்வொரு நடைக்கும் நூறு கேனுக்கு இரண்டரை கேன் கழிகிறது என்றால், ஒரு கேன் சராசரியாக நாற்பது நடை வாழ்கிறது. 160-ஐ நாற்பதால் வகுத்தால் நடைக்கு நான்கு ரூபாய், லிட்டருக்கு இருபது பைசா. நூற்றுக்கு ஐந்து கழிந்தால் இருபது நடை, நடைக்கு எட்டு ரூபாய். நூற்றுக்குப் பத்து என்றால் பத்தே நடை, பதினாறு ரூபாய்.

பாட்டிலில் நூற்றுக்கு ஐந்து டேமேஜ் என்றால் செலவு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்துக்குள்தான் கூடும். கேனில் கழிவு நூற்றுக்கு இரண்டரையிலிருந்து ஐந்தானால் கேன் செலவே இரட்டிக்கிறது. பாட்டிலில் டேமேஜ் என்பது செலவின் ஓரத்தில் ஒரு வரி. கேனில் டேமேஜ்தான் கேனின் விலை.

மற்றதையும் கூட்டிவிடுவோம். தண்ணீர் 20 லிட்டருக்கு 5 ரூபாய். மூடியும் மேல் சுற்றும் ஸ்லீவும் 2 ரூபாய் 50 பைசா. இந்த மூடி ஒரு தடவைதான், இழுத்துப் பிய்த்தபின் திரும்பப் போடக்கூடாது. கழுவி நிரப்ப ஆள்கூலி, மருந்து, கழுவும் தண்ணீர் எல்லாம் 3 ரூபாய் 50 பைசா. கேன் 4 ரூபாய். மொத்தம் 15 ரூபாய், அதாவது லிட்டருக்கு 75 பைசா. கழிவு நூற்றுக்கு ஐந்தானால் 19 ரூபாய், 95 பைசா. பத்தானால் 27 ரூபாய், 1 ரூபாய் 35 பைசா. கம்பெனி வாசலில் ஒரு கேனுக்கு நிற்கும் லாபம் சில ரூபாய்தான். அது எங்கே கரைகிறது என்று தேடுபவர்கள் ஆர்.ஓ. ரூமுக்குள் போய்ப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் காலிக் கேன் இறங்கும் மேடை.

அந்த மேடையில் என்ன நடக்க வேண்டும்? காலிக் கேன் வந்தவுடன் முதலில் மோந்து பார்க்க வேண்டும். கழுவியபின் மோந்தால் பயனில்லை, மருந்து வாசனை மற்றதை மறைத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல், பினாயில் ஊற்றி வைத்த கேன் வாயைத் திறந்ததுமே தெரியும். அந்த வாசனை பிளாஸ்டிக்கில் ஏறிவிட்டால் எந்தக் கழுவலும் எடுக்காது, அதை அங்கேயே தனியே வைத்துவிட வேண்டும். அப்புறம் பின்னால் ஒரு டியூப் லைட்டை வைத்துக் கேனைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றியும் அடி விளிம்பிலும் முடிபோல மெல்லிய விரிசல் இருந்தால் வெளிச்சத்தில் மின்னும். இதைத் தவறவிட்டால் நிரப்பி அடுக்கி ஒரு ராத்திரி நின்றபிறகுதான் தரையில் ஈரம் தெரியும். அதற்குள் மூடியும் ஸ்லீவும் தண்ணீரும் சேர்த்து ஏழரை ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். இன்னும் மோசம், வாடிக்கையாளர் வீட்டில் கசிவது.

விரிசலில் ஒரு பகுதியை நாமே உண்டாக்குகிறோம். பாலிகார்பனேட்டுக்குச் சூடான காஸ்டிக் சோடா ஆகாது. அழுக்குச் சீக்கிரம் போகட்டும் என்று காஸ்டிக்கைக் கூட்டிச் சூட்டையும் கூட்டினால் கேன் பளிச்சென்று இருக்கும், சில நடைகளில் கழுத்தில் வெடிக்கும். உள்ளே மணல் இருக்கும்போதே பிரஷ் விட்டால் கீறல் விழும். அந்தக் கீறலில் கிருமி ஒட்டிக்கொண்டால் ஓசோன் தண்ணீரும் முழுதாக எட்டாது. முதலில் வெறும் தண்ணீரில் அலசி மணலை வெளியேற்றிவிட்டு, பாலிகார்பனேட்டுக்கு ஏற்ற மருந்தை மிதமான சூட்டில் விடுவதுதான் கேனின் ஆயுளைக் கூட்டுகிறது. இது கூடுதல் செலவே இல்லாத வேலை.

மீதிக் கழிவு வெளியே நடக்கிறது. லோடு ஆட்டோவிலிருந்து உருட்டி இறக்குவது, கடை வாசல் வெயிலில் நாள்கணக்கில் கிடப்பது, பாசி பிடிப்பது. திரும்பி வராமலே போவதும் உண்டு. இதற்கு டெபாசிட்தான் மருந்து. 180 ரூபாய் கேனுக்கு நூறு ரூபாய் டெபாசிட் வாங்கினால், எண்பது ரூபாய் தள்ளுபடியில் நல்ல டிரம் விற்கிறோம் என்று பொருள். டெபாசிட்டைக் கேன் விலைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் கேன் வீடு திரும்பும்.

கேன் யாருடையது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். பல இடங்களில் கேன் ஏஜென்டுடையது. கம்பெனி நிரப்பி மட்டும் கொடுக்கும். மேலே சொன்ன கணக்கில் நான்கு ரூபாய் குறைந்து 11 ரூபாய் ஆகிவிடும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கீறலும் கறையுமான கேனைக் கழித்தால் ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போவார். அதனால் யாரும் கழிக்க மாட்டார்கள். தெருவில் சுற்றும் பழுப்பேறிய கேன்களுக்குக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த நான்கு ரூபாயைச் செலவு செய்து சொந்தக் கேனில், பெயரும் வருடமும் பதித்து ஓட்டுபவரால்தான் தைரியமாகக் கழிக்க முடியும். குடிப்பவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாட்டிலுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. லிட்டருக்கு லாபம் பாட்டிலில்தான் அதிகம். கேனில் நான் கூட்டாத வண்டிச் செலவு இருக்கிறது: பாட்டில் ஒரு வழிப் பயணம், கேன் காலியாகவும் இடம் அடைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கடை, வீடு எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் தாங்கும். அதைத் தாண்டினால் நான் கேனைச் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபம், பேருந்து நிலையம் பக்கம் நல்ல பிடிப்பு உள்ளவருக்கு அரை லிட்டர், 300 மில்லி பாட்டில் சரியாக வரலாம். அந்த அளவுகளை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பெட் பிளாஸ்டிக்கில் வரும் மலிவு விலைக் கேனையும் கொஞ்சமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். கழுவும் சூடு அதற்கு ஆகாமல் வடிவம் கோணுவதைப் பார்த்திருக்கிறேன், எத்தனை நடை தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. வாங்குவதாக இருந்தால் ஐம்பது கேனை மட்டும் எண் போட்டுச் சுற்றில் விட்டு, மேடையில் ஒரு நோட்டு வைத்து, கழியும் ஒவ்வொரு கேனுக்கும் காரணத்தை எழுதிப் பாருங்கள்: வாசனை, விரிசல், கீறல், வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்த நோட்டே உங்கள் லிட்டர் விலையைச் சொல்லிவிடும்.